மூளை குழம்பினால் ஏன் மலமிளக்கி?

கல்லீரல் சுருங்கிப்போன ஒருவர் திடீரென்று இன்று என்ன கிழமை என்று தெரியாமல் தடுமாறுகிறார். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். பதறிப்போன வீட்டார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அங்கே முதலில் கொடுக்கப்படுவது தலைக்கான மருந்தல்ல. மலச்சிக்கலுக்கு எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிற லாக்டுலோஸ் என்ற இனிப்புச் சிரப்தான். மூளைக் கோளாறுக்கு வயிற்றால் போக வைக்கிற மருந்தா என்று பலர் மனத்துக்குள் குமுறுவார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கிப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு விலை உண்டு. மருந்து எதற்கு என்று புரியாததால், வீட்டுக்கு வந்ததும் அது வெறும் மலமிளக்கியாகிவிடுகிறது. “இன்னிக்கு நல்லாத்தானே போச்சு, எதுக்கு மருந்து?” என்று நிறுத்துகிறார்கள். இரண்டு வாரத்தில் அதே குழப்பம், அதே ஆம்புலன்ஸ். ஹெப்பாட்டிக் என்செஃபலோபதி என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலையில், லாக்டுலோஸ் குடலுக்குள் செய்கிற வேலை மலத்தை இளக்குவதைவிட வெகு தூரம் போகிறது. அதைப் புரிந்துகொள்ள, அமோனியா எங்கே பிறந்து எந்த வழியாக மூளைக்குப் போகிறது என்பதைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. பெருங்குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள், செரிக்காமல் வந்து சேர்ந்த புரதத்தை உடைத்து அந்த நைட்ரஜனை அமோனியாவாக வெளிவிடுகின்றன. இது ஒரு வழி. இன்னொரு வழி பலருக்கு வியப்பாக இருக்கும். நம் உடல் தயாரிக்கும் யூரியா முழுவதும் சிறுநீரில் போய்விடுவதில்லை. ஏறக்குறைய கால் பங்கு மறுபடியும் குடலுக்குள் கசிகிறது. அங்கே யூரியேஸ் என்ற நொதியை வைத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் பிளந்து மீண்டும் அமோனியாவாக்கிவிடுகின்றன. அதனால் ஒருவர் பட்டினி கிடந்தாலும் குடலில் அமோனியா உண்டாவது நிற்காது. மூன்றாவது வழியில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. சிறுகுடலின் உட்சுவர் செல்கள் தங்கள் எரிபொருளாகக் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைப் பயன்படுத்துகின்றன. அப்போது கழிவாக அமோனியா வருகிறது. பாக்டீரியாவைக் குறிவைக்கும் எந்த மருந்தாலும் அமோனியாவை முழுமையாக ஒழிக்க முடியாததற்கு இந்த மூன்றாவது வழி ஒரு முக்கியக் காரணம்.

குடலில் பிறந்த அமோனியா நேரடியாக உடலெங்கும் போய்விடுவதில்லை. குடலின் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. கல்லீரல் செல்கள் அமோனியாவைப் பிடித்து, நச்சுத்தன்மை மிகக் குறைந்த யூரியாவாக மாற்றுகின்றன. முதல் வரிசைச் செல்களிடம் தப்பியதைக் கடைசி வரிசைச் செல்கள் பிடித்துக் குளுட்டமினாக்குகின்றன. நல்ல கல்லீரலுக்குள் நுழையும் ரத்தத்தில் அமோனியா நிறைய இருக்கும். வெளியேறும் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே இருக்கும்.

சிரோசிஸ் வந்த கல்லீரலில் இரண்டு கேடுகள் ஒன்றாக நடக்கின்றன. வேலை செய்யும் செல்கள் குறைந்துவிடுகின்றன. அதோடு, தழும்பேறிக் கெட்டியான கல்லீரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. மெயின் ரோடு அடைபட்டால் வண்டிகள் சந்துபொந்துகளில் புகுந்து போகிற மாதிரி, ரத்தம் உணவுக்குழாய், இரைப்பை, மண்ணீரல் ஓரமாக உள்ள சின்னச் சின்னச் சிரைகளை வீங்கவைத்து, கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்குப் போய்விடுகிறது. சுத்திகரிக்கப்படாத அமோனியாவும் அந்த ரத்தத்தோடு போகிறது.

கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போனால் என்ன ஆகும் என்பது மனிதர்களிடம் புரியவரும் முன்பே நாய்களிடம் தெரிந்துவிட்டது. 1877-இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் எக், நாயின் போர்ட்டல் சிரையைக் கீழ்ப் பெருஞ்சிரையோடு நேராக இணைக்கும் அறுவையைச் செய்தார். 1893-இல் பாவ்லோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதே அறுவையை நாய்களுக்குச் செய்து கவனித்தார்கள். மணியடித்தால் எச்சில் ஊறும் நாய் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அதே பாவ்லோவ்தான். அந்த நாய்கள் இறைச்சி தின்றதும் தள்ளாடின. கண் தெரியாதவை போல முட்டிக்கொண்டன. சில மூர்க்கமாயின, சில மயங்கி விழுந்தன. இறைச்சியிலிருந்து குடலில் பிறந்த ஏதோ ஒன்று கல்லீரலைக் கடக்காமல் மூளைக்குப் போனால் மூளை கெடும் என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது. 1954-இல் லண்டனில் ஷீலா ஷெர்லாக்கும் அவர் குழுவினரும் இதே நிலையை மனிதர்களிடம் விரிவாக விவரித்தார்கள்.

மூளைக்குள் வந்த அமோனியாவை யார் கையாள்வது? நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்கள்தான் அதைக் குளுட்டமினாக மாற்றிச் சமாளிக்கின்றன. குளுட்டமின் உள்ளே குவியக் குவிய அது தண்ணீரை இழுக்கிறது, செல் உப்புகிறது. நரம்புகளுக்கு இடையிலான வேதிச் சமிக்ஞைகளைச் சீராக வைத்திருப்பது இந்தச் செல்களின் வேலை. அவை உப்பினால் அந்த வேலை தடுமாறும். உடலில் எங்காவது தொற்று இருந்தால், அதனால் வரும் அழற்சி மூளையை இன்னும் பலவீனமாக்கி, அதே அளவு அமோனியாவே கூடுதல் கேடு செய்யும்படி ஆக்குகிறது.

ஒரு நோயாளியை வைத்து இதைப் பார்ப்போம். இவர் தனி ஒருவர் அல்ல. கல்லீரல் வார்டுகளில் மறுபடி மறுபடி நடப்பதை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். வயது ஐம்பத்தெட்டு, மளிகைக் கடை வைத்திருக்கிறார். பல வருடச் சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து சிரோசிஸில் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. வயிற்றில் நீர் கோப்பதால் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் தூக்கம் வருவதில்லை, பகலில் கல்லாவிலேயே தூங்கி விழுகிறார். மனைவி அதை அலுப்பு என்று நினைத்தார். பிறகு கணக்கு நோட்டில் கையெழுத்து மாறத் தொடங்கியது. நேர் வரியில் எழுதுகிறவரின் எழுத்து சரிந்து, எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. கூட்டல் தப்பியது. ஒரு காலையில் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, பத்து வருடத்துக்கு முன் இறந்துபோன அண்ணனைக் கூப்பிட்டபோதுதான் வீட்டார் விழித்துக்கொண்டார்கள்.

பகல் தூக்கமும் கெட்டுப்போன கையெழுத்தும் இந்த நோயின் மிகத் தொடக்க அறிகுறிகள். கணக்கு நோட்டு பல நேரம் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடும். அதனால் சில மருத்துவர்கள் தினமும் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், ஒரு நட்சத்திரம் வரையச் சொல்கிறார்கள்.

அவசரப் பிரிவில் டாக்டர் அவருடைய இரண்டு கைகளையும் நீட்டி, போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது போல உள்ளங்கையை மேலே மடக்கச் சொன்னார். சில விநாடிகளில் மணிக்கட்டு தானாகத் தொய்ந்து, மறுபடி நிமிர்ந்து, மறுபடி தொய்ந்தது. இந்தக் கைப்படபடப்பு இருந்தால் நோய் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். உறங்கிக்கொண்டே இருந்து தட்டினால் விழிப்பது மூன்றாம் நிலை, எதற்கும் விழிக்காத கோமா நான்காம் நிலை.

ரத்தத்தில் அமோனியா எவ்வளவு என்று பார்த்துவிட்டால் போதாதா என்று வீட்டார் கேட்பார்கள். ரத்தம் எடுத்த குழாயைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் குழாய்க்குள்ளேயே அமோனியா ஏறிவிடும். சரியாகச் செய்தாலும், அளவு அதிகம் என்பதால் குழப்பமும் அதிகம் என்று சொல்ல முடியாது. அமோனியா இயல்பாக இருந்தால், குழப்பத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று தெரியும். அந்த அளவுக்குத்தான் இந்தப் பரிசோதனையை நம்ப முடியும். நம் கடைக்காரருக்குச் சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா என்று முதலில் விரலில் குத்திப் பார்த்ததும் அதனால்தான். சர்க்கரை தாழ்ந்தாலும் மனிதர் இப்படித்தான் உளறுவார்.

அடுத்த கேள்வி, ஏன் இன்று என்பது. கல்லீரல் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. ஏதோ ஒன்று தூண்டியிருக்கிறது. டாக்டர் கேட்டார்: “அம்மா, கடைசியா இவர் எப்போ வெளிய போனார்?” மனைவி யோசித்துச் சொன்னார்: “மூணு நாளா போகலைங்க டாக்டர். கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம். பஸ்ல போறப்போ அவசரமா வந்துரும்னு சிரப்பை நிறுத்திட்டார்.” மலம் மூன்று நாள் தங்கியதால், பாக்டீரியாவுக்கு நைட்ரஜனை உடைக்கவும் அமோனியா உறிஞ்சப்படவும் மூன்று நாள் அவகாசம் கிடைத்துவிட்டது. அதோடு முடியவில்லை. நீர் பிரியும் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்திருந்தது. பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே கூடுதலாக அமோனியா தயாரித்து ரத்தத்தில் விடும். டாக்டர் வயிற்று நீரில் கொஞ்சம் ஊசியால் எடுத்துத் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார், மலம் கருப்பாகப் போனதா என்று விசாரித்தார். உணவுக்குழாய்ச் சிரை கசிந்து ரத்தம் குடலுக்குள் இறங்கினால், அதுவும் செரிக்க வேண்டிய புரதம்தான். தூக்க மாத்திரை ஏதாவது கொடுத்தார்களா என்றும் கேட்டார். இரவில் தூங்கவில்லை என்று வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்து நோயாளியைக் கோமாவுக்குத் தள்ளுவது எளிதாக நடந்துவிடுகிற விபத்து. தூண்டிய காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் சிரப்பை மட்டும் ஊற்றினால் பாதிச் சிகிச்சைகூட ஆகாது.

இப்போது அந்தச் சிரப்புக்கு வருவோம். லாக்டுலோஸ் என்பது இயற்கையில் பாலில் உள்ள லாக்டோஸிலிருந்து மாற்றிச் செய்யப்பட்ட சர்க்கரை. அதில் கேலக்டோஸும் ஃபிரக்டோஸும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அந்த இணைப்பைப் பிளக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது. அதனால் குடித்த சிரப் செரிக்காமல், உறிஞ்சப்படாமல், அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. நம் கடைக்காரரின் மகன், அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதே என்று சிரப்பை மூடி வைத்திருந்தான். பயம் இயல்பானது. ஆனால் நாக்கில் இனித்தாலும் லாக்டுலோஸ் ரத்தத்துக்குள் ஏறுவதில்லை. சிரப்பில் கலந்துள்ள கொஞ்சம் லாக்டோஸும் கேலக்டோஸும் மட்டுமே கணக்கில் வரும். சர்க்கரையை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும், அந்தக் காரணத்துக்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

1957-இல் பெத்துயேலி என்ற மருத்துவர், குழந்தைகளின் குடலில் பிஃபிடஸ் வகை நல்ல பாக்டீரியாக்களை லாக்டுலோஸ் வளர்க்கிறது என்று காட்டினார். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, சூரிக்கில் யோஹன்னஸ் பிர்ச்சரும் உடன் வேலை செய்தவர்களும் கல்லீரல் நோயில் குழம்பியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1966-இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்தச் சிறு கட்டுரையிலிருந்துதான் இன்றைய சிகிச்சை தொடங்குகிறது.

பெருங்குடலில் என்ன நடக்கிறது? பாக்டீரியாக்கள் லாக்டுலோஸை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. குடலுக்குள் புளிப்பு ஏறுகிறது, பி.எச். அளவு ஏறக்குறைய 7-இலிருந்து 5 பக்கம் இறங்குகிறது. அமோனியா இரண்டு உருவில் இருக்கும். மின்னேற்றம் இல்லாத அமோனியாவாக இருக்கும்போது அது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் எளிதாக நழுவிவிடும். ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு அமோனியமாக மாறிவிட்டால் தாண்ட முடியாது. பி.எச். 7-இலிருந்து 5-க்கு இறங்கும்போது, தாண்டக்கூடிய உருவின் பங்கு நூறில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. ரத்தத்தின் பி.எச். 7.4-லேயே இருப்பதால், ரத்தத்திலுள்ள அமோனியாகூடக் குடலுக்குள் வந்து மாட்டிக்கொள்ளும் சூழல் உண்டாகிறது. பிறகு அது மலத்தோடு வெளியே போகிறது.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் விளக்கத்தை முடித்துவிடும். என் கருத்தில் இது கதையின் ஒரு பகுதி மட்டுமே. லாக்டுலோஸ் கிடைத்த பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுகின்றன. பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். அதை அவை அமோனியாவிலிருந்து எடுத்துத் தங்கள் உடலுக்குள் கட்டிக்கொள்கின்றன. புரதத்தை உடைத்து அமோனியா விடுகிற பாக்டீரியாவுக்கு, புரதத்துக்குப் பதில் சர்க்கரை கிடைத்துவிட்டால் அந்த உடைப்பும் குறைகிறது. லாக்டுலோஸ் சாப்பிடுகிறவர்களின் மலத்தில் வெளியேறும் நைட்ரஜன் பல மடங்கு கூடுகிறது. கூடுகிற நைட்ரஜனில் நல்ல பங்கு பாக்டீரியாவின் உடலுக்குள்தான் இருக்கிறது. கடைசியாக, நீரை இழுத்துக் குடலை விரைவாகக் காலி செய்வதால் மேற்சொன்ன உற்பத்திக்கே நேரம் கிடைப்பதில்லை. வெறும் குடல் சுத்திகரிப்பும் எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சான்று. கொலோனோஸ்கோப்பிக்கு முன் குடிக்கக் கொடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் நான்கு லிட்டர் கொடுக்கப்பட்டவர்களில் 91 சதவீதம் பேர் 24 மணி நேரத்தில் தேறினார்கள். லாக்டுலோஸ் கொடுக்கப்பட்டவர்களில் அது 52 சதவீதம். ஐம்பது பேரை மட்டுமே வைத்து நடந்த ஆய்வு அது. அன்றாடம் வீட்டில் எடுத்துக்கொள்ளும் மருந்தாக லாக்டுலோஸின் இடத்தை அது மாற்றிவிடவில்லை.

நம் கடைக்காரருக்கு 25 மி.லி. சிரப், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டது. இரண்டு முறையாவது மலம் இளகிப் போகும்வரை இப்படித் தொடர்வது வழக்கம். அவர் விழிப்போடு இருந்து விழுங்க முடிந்ததால் வாய்வழி கொடுத்தார்கள். அரைத்தூக்கத்தில் இருப்பவரின் வாயில் வீட்டில் யாரும் சிரப்பை ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் மூக்குவழிக் குழாயில் கொடுப்பார்கள். இல்லையென்றால் 300 மி.லி. லாக்டுலோஸை 700 மி.லி. தண்ணீரில் கலந்து எனிமாவாக ஏற்றி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் உள்ளே தங்கவைப்பார்கள். அடுத்த நாள் மதியம் அவர் மனைவியின் பெயரைச் சொன்னார். மறுநாள் கடை வாடகை கட்டியாகிவிட்டதா என்று கேட்டார்.

சிக்கல் வீட்டுக்குப் போன பிறகுதான் தொடங்குகிறது. சீட்டில் 30 மி.லி. மூன்று வேளை என்று எழுதியிருக்கும். அது ஆரம்ப அளவு மட்டும். உண்மையான அளவைக் கழிப்பறைதான் தீர்மானிக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை, தண்ணீராக அல்லாமல் கூழாக மலம் போக வேண்டும், அந்த எண்ணிக்கையை எட்டும்வரை அளவைக் கூட்டலாம், தாண்டினால் குறைக்க வேண்டும். ஒருவருக்கு 15 மி.லி. இரண்டு வேளை போதும், இன்னொருவருக்கு அதைப்போல மூன்று மடங்கு தேவைப்படும். நம் கடைக்காரரின் மனைவி சமையலறை காலண்டரில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டார். முதல் வாரத்தில் நான்கு, ஐந்து கோடுகள் விழுந்தன. போனில் கேட்டபோது டாக்டர் 20 மி.லி. ஆகக் குறைக்கச் சொன்னார், மூன்றில் வந்து நின்றது.

அந்தக் கோடுகள் இல்லாமல் போனால் எங்கே இடறுவோம் என்று பாருங்கள். அளவு மிஞ்சி ஒரு நாளைக்கு ஆறு முறை தண்ணீராகப் போனால் உடம்பு வறண்டுவிடும், ரத்தத்தில் சோடியம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகம் பாதிக்கப்படும். இவையே மறுபடி மூளைக் குழப்பத்தைக் கொண்டுவரும். குழப்பத்தைப் பார்த்த வீட்டார், மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு மூடி ஊற்றுவார்கள். குழப்பம் இன்னும் கூடும். மலமே போகாமல் வந்த குழப்பமா, தண்ணீராகப் போய்ப் போய் நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து வந்த குழப்பமா என்பதைக் காலண்டர் கோடுதான் சொல்லும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேரெதிர்.

வயிறு உப்புசம், காற்றுப் பிரிதல், தெவிட்டும் இனிப்பு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலோர் சிரப்பை நிறுத்துவதற்கான காரணங்கள். தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கலந்து குடிக்கலாம். உப்புசம் சில நாட்களில் ஓரளவு தணியும். தொடர்ந்து எடுத்துக்கொள்வதால் என்ன கிடைக்கும் என்பதை டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் பி.சி. சர்மாவின் குழு 2009-இல் காட்டியது. ஒருமுறை குழப்பம் வந்து தேறியவர்களில், லாக்டுலோஸ் தொடர்ந்து எடுத்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு மறுபடி வந்தது. எடுக்காதவர்களில் 47 சதவீதம் பேருக்கு வந்தது. வந்து போன நோய்க்குத்தான் மருந்து என்று நினைத்து நிறுத்துகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

உணவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாவ்லோவின் நாய்களை வைத்து வளர்ந்த பழைய பயத்தால், பல வீடுகளில் இன்றும் இந்த நோயாளிக்குப் பருப்பு, முட்டை, தயிர் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கிறார்கள். இது தவறு. கல்லீரல் கைவிட்ட அமோனியாவில் ஒரு பங்கைப் பிடித்துக் குளுட்டமினாக்குவது தசைதான். புரதம் நிறுத்தினால் தசை கரையும், அமோனியாவுக்கு இருந்த இன்னொரு போக்கிடமும் போய்விடும். இன்றைய வழிகாட்டல்கள் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்கின்றன. பருப்பும் பயறும் பாலும் தயிரும் இவர்களுக்கு நன்றாக ஒத்துப்போகும். இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிடுவதும் நல்லது. கெட்ட கல்லீரலால் இரவு முழுவதற்கும் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாததால், நீண்ட இரவுப் பட்டினியில் உடல் தசையைத்தான் தின்கிறது.

நான்கு மாதம் கழித்து நம் கடைக்காரர் மறுபடி குழம்பினார். இம்முறை காலண்டரில் குறை எதுவும் இல்லை, தினமும் இரண்டு, மூன்று கோடுகள் இருந்தன. தொற்றோ கசிவோ தூக்க மாத்திரையோ இல்லை. ஆறு மாதத்துக்குள் லாக்டுலோஸையும் மீறி இப்படி இரண்டாவது முறை வரும்போதுதான் ரிஃபாக்சிமினைச் சேர்க்க வேண்டும் என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. லாக்டுலோஸ் நிற்காது, அதன்மேல்தான் இது சேரும்.

ரிஃபாக்சிமின், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினின் உறவுக்கார ஆன்டிபயாடிக். இத்தாலியில் உருவானது. விழுங்கினால் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்துக்குள் போகிறது, மற்றதெல்லாம் குடலிலேயே தங்குகிறது. முன்பு இதே நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட நியோமைசின் நீண்ட நாள் எடுத்தால் காதையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. ரிஃபாக்சிமினை மாதக் கணக்கில் கொடுக்க முடிவதற்கு, அது உடலுக்குள் ஏறாததுதான் காரணம். தண்ணீரில் கரையாமல் பித்தநீரில் கரைவதால், பித்தநீர் நிறைய இருக்கும் சிறுகுடலில் அதன் வேலை கூர்மையாக இருக்கிறது. சிரோசிஸ் உள்ளவர்களுக்குச் சிறுகுடலிலும் பாக்டீரியா அளவுமீறி வளர்ந்திருப்பது வழக்கம். லாக்டுலோஸின் களம் பெருங்குடல் என்பதால், ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று பிடிக்கிறது.

குடல் பாக்டீரியாக்களை எல்லாம் கொன்று அமோனியாவை நிறுத்துவதாகத்தான் இதன் வேலையை முதலில் விளக்கினார்கள். மலத்தில் எந்தெந்த பாக்டீரியா எவ்வளவு என்று கணக்கெடுத்துப் பார்த்தபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. ரத்த அமோனியாவும் பெரிதாக இறங்குவதில்லை. பாக்டீரியாக்கள் செய்கிற வேதிவேலை மாறுகிறது, அவற்றின் நச்சுப் பொருள்கள் குடல் சுவர் தாண்டி ரத்தத்துக்குள் கசிவது குறைகிறது என்பதே இன்றைய புரிதல். கசிவு குறைந்தால் அழற்சி குறையும், அழற்சி குறைந்தால் அதே அமோனியாவை மூளை தாங்கிக்கொள்ளும்.

பலன் எவ்வளவு? 2010-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில் 299 பேர் இருந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லாக்டுலோஸும் எடுத்தவர்கள். ரிஃபாக்சிமின் 550 மி.கி. இரண்டு வேளை எடுத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் மறுபடி குழம்பியவர்கள் 22 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 46 சதவீதம். 2013-இல் அதே டெல்லி குழு, குழப்பத்தோடு வார்டில் இருந்தவர்களுக்கே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது. முழுமையாகத் தேறியவர்கள் 76 சதவீதம், லாக்டுலோஸ் மட்டும் எடுத்தவர்களில் 51 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்து, சிரப்பின் தொல்லை வேண்டாம், மாத்திரை மட்டும் போதும் என்று முடிவெடுக்கக் கூடாது. அந்தப் பலன்கள் லாக்டுலோஸோடு சேர்ந்து கிடைத்தவை. மாத்திரையின் விலையும் அதிகம், பணம் முடிந்ததும் நிறுத்துவது நடக்கிறது. நிறுத்த வேண்டிய நிலை வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், சிரப்பின் அளவை அவர் மறுபடி பார்ப்பார். மாத்திரை தொடங்கிய பிறகு காய்ச்சலோடு கடும் வயிற்றுப்போக்கு வந்தால் அதைச் சிரப்பின் தலையில் போட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக்கால் குடலில் வேறு கிருமி தலையெடுத்திருக்கலாம்.

இரண்டு மருந்தும் கல்லீரலின் தழும்பைத் தொடுவதில்லை. இரண்டையும் சரியாக எடுத்தும் குழப்பம் திரும்பத் திரும்ப வந்தால், ரத்தத்தைக் கல்லீரலுக்கு வெளியே கொண்டுபோகும் பெரிய குறுக்குச் சிரை ஒன்று இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் தேடுவார்கள். தகுந்தவர்களுக்கு அதை உள்ளிருந்தே அடைத்துவிட முடியும். அதற்கும் முன்னால், முதல் முறை குழப்பம் வந்தபோதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கல்லீரல் கைவிடத் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அந்த முதல் குழப்பம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு அது வந்து தேறியிருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும் நாளிலேயே கல்லீரல் மாற்று அறுவைக்கு இவர் தகுதியானவரா என்று டாக்டரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான காத்திருப்புப் பதிவு, மருத்துவமனை மூலமாக டிரான்ஸ்டான் ஆணையத்தில் நடக்கிறது. சிரப்பும் மாத்திரையும் வாங்கித் தருகிற மாதங்களை அந்த ஏற்பாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.